வழக்கு முடியும்வரை கடைச் சாவி யாரிடம்? ஸ்டே, ஸ்டேட்டஸ் குவோ உத்தரவுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

"அப்பீல் போட்டாச்சு. இனி ஒருத்தரும் கடையைத் தொட முடியாது." வாடகைத் தகராறு வழக்கில் தோற்ற கடைக்காரர்கள் இப்படி நிம்மதியாகச் சொல்வதைப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் அடிக்கடி கேட்கலாம். மலேசியச் சட்டம் சொல்வதோ இதற்கு நேர்மாறு. மேல்முறையீடு செய்துவிட்டதால் மட்டும் தீர்ப்பு நின்றுவிடாது. அப்பீல் போட்ட மறுவாரமே நீதிமன்றப் பெய்லிஃப் வந்து கடையைக் காலி செய்தால் அதில் சட்டப்படி ஒரு குறையும் இருக்காது.

உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளுக்கு, 1964-ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 73-ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நீதிமன்றம் தனியாக உத்தரவு போட்டாலொழிய, மேல்முறையீடு தீர்ப்பின் நிறைவேற்றத்தைத் தடுக்காது. செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் இதே கதைதான். அந்தத் தனி உத்தரவைத்தான் ஸ்டே என்கிறோம். நீதிமன்றத் தாள்களில் இதை மலாயில் 'பெங்காந்துஙான் பெலாக்சானாஆன்' என்று எழுதியிருப்பார்கள்.

ஸ்டே வருவது தீர்ப்புக்குப் பிறகு. தீர்ப்பு வருவதற்கு முன்பே, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, இருக்கிற நிலைமையை யாரும் மாற்றக்கூடாது என்று போடும் உத்தரவு வேறு. அதுதான் ஸ்டேட்டஸ் குவோ உத்தரவு. பெரும்பாலும் அது 'இன்ஜுங்சி', அதாவது இடைக்காலத் தடை என்ற வடிவத்தில் வரும். தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் 'தடை உத்தரவு' என்றே போட்டுவிடுவதால் வாசகர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஸ்டே தீர்ப்பைக் கட்டுகிறது. அந்தத் தீர்ப்பை இப்போதைக்கு நிறைவேற்றாதே என்கிறது. இடைக்காலத் தடை ஆளைக் கட்டுகிறது. நீ இதைச் செய்யாதே என்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் தப்பான மனுவைப் போட்டு நாளை வீணடிப்பவர்கள் உண்டு. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

இரண்டையும் ஒரே வழக்கில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம், ஒரு பழைய கடைவீடு. கீழ்த்தளத்தில் ஒருவர் மசாலாப் பொருள் கடை நடத்துகிறார். மாத வாடகை 4,500 ரிங்கிட். மூன்று வருட ஒப்பந்தம் டிசம்பர் 31-இல் முடிகிறது. கடைக்காரர் விரும்பினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று மாதம் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கடைக்காரர் செப்டம்பரில் வாட்ஸ்அப்பில், "அண்ணே, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிக்கிறேன்" என்று அனுப்பினார். உரிமையாளர் கட்டை விரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். டிசம்பர் வந்ததும் உரிமையாளருக்கு ஒரு கஃபேக்காரர் கிடைத்துவிட்டார். மாதம் 6,000 தரத் தயார். 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இந்தத் தெருக்களில் கஃபேக்களுக்குக் குறைச்சல் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு ஜனவரியோடு முழுதாக ஓய்ந்துவிட்டதால், பழைய வாடகைக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

உரிமையாளர் சொல்கிறார்: "எழுத்து மூலம் என்றால் கடிதம். வாட்ஸ்அப் செல்லாது. ஒப்பந்தம் முடிந்தது." ஜனவரி 3 காலை கடைக்காரர் வந்து பார்த்தால் ஷட்டரில் புதுப் பூட்டு. உள்ளே அவருடைய சரக்கு அத்தனையும் கிடக்கிறது.

பூட்டுப் போட்டது சரியா?

ஒப்பந்தம் உண்மையிலேயே முடிந்திருந்தாலும் சரியில்லை. 1950-ஆம் ஆண்டின் 'குறித்த நிவாரணச் சட்டம்' என்ற ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2)-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் வாடகைக்காரர் உள்ளே இருந்தால், உரிமையாளர் நீதிமன்றம் வழியாகத்தான் இடத்தை மீட்க வேண்டும். தானே பூட்டை மாற்றுவது, கதவைக் கழற்றுவது எல்லாம் கூடாது. இது தெரியாமலோ, தெரிந்தும் ஒரு துணிச்சலிலோ பூட்டுப் போடுகிறவர்கள் நிறைய. போலீஸில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் "இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதில்தான் வரும்.

ஆகவே கடைக்காரர் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகிறார். வீட்டுக்காரர் வாடகைக்காரர் வழக்குகளில் அந்த நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. அவருடைய வழக்கறிஞர் பிரதான வழக்கைத் தாக்கல் செய்கிறார். கூடவே இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு, ஒரு சத்தியப் பிரமாணம், வழக்கு அவசரமானது என்று வழக்கறிஞர் கையெழுத்திட்ட சான்று. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்தால் அதற்குள் கஃபேக்காரர் சுவரை உடைத்துவிடக்கூடும் என்பதால், எதிர்த்தரப்பு இல்லாமலேயே கேட்கச் சொல்கிறார். இதை ஒருதலை விசாரணை என்பார்கள்.

ஒருதலை விசாரணைக்கு ஒரு விலை உண்டு. உங்களுக்கு எதிரான உண்மைகளையும் நீங்களே சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 29-ஆவது ஆணை, சத்தியப் பிரமாணத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு என்ன பதில் சொல்லக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்ததும் அதில் அடக்கம். நம் கடைக்காரர், தான் கடிதம் அனுப்பவில்லை, வாட்ஸ்அப்தான் அனுப்பினேன், அது செல்லாது என்று உரிமையாளர் சொல்கிறார் என்பதைத் தானே எழுத வேண்டும். "நான் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தேன்" என்று மேலோட்டமாக எழுதிவிட்டுப் போனால், பிறகு இருதரப்பும் வரும் நாளில் உரிமையாளரின் வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். வழக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மறைத்த காரணத்துக்காகவே உத்தரவு ரத்தாகலாம். நல்ல வழக்குகள் இப்படி நாசமாவதுதான் மிகவும் வயிற்றெரிச்சல். வாடிக்கையாளர்கள் வழக்கறிஞரிடமே பாதியை மறைத்துவிட்டு, அப்புறம் நீதிமன்றத்தில் முழிப்பார்கள்.

ஜனவரி 6 அன்று ஒருதலை உத்தரவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கடிகாரம் ஓடத் தொடங்கும். உத்தரவையும் தாள்களையும் 7 நாளுக்குள், அதாவது ஜனவரி 13-க்குள், உரிமையாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இருதரப்பு விசாரணையை 14 நாளுக்குள், ஜனவரி 20-க்குள், நீதிமன்றம் வைக்க வேண்டும். 21 நாள் முடிந்ததும், ஜனவரி 27-இல், உத்தரவு தானாகவே காலாவதியாகும். யாரும் ரத்து செய்யத் தேவையில்லை. இருதரப்பு விசாரணை அன்று வாதம் முடியாமல் இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போனால், அந்த இடைவெளிக்கும் தடை நீடிக்கிறதா என்று அங்கேயே நீதிபதியிடம் கேட்டு உத்தரவு வாங்கிவிட வேண்டும். "கேஸ் இன்னும் நடக்குதே, தடை இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், 22-ஆவது நாள் கையில் இருப்பது வெறும் தாள்.

எந்த நாளின் நிலைமை?

'இருக்கிற நிலைமை அப்படியே இருக்கட்டும்' என்றால், எந்த நாளில் இருந்த நிலைமை? சிக்கலே இங்கேதான்.

உரிமையாளர் தரப்பு சொல்லும்: "இன்று பூட்டு என் பூட்டு. கடை என் வசம். இதுதான் இருக்கிற நிலைமை. இதைக் காப்பாற்றுங்கள்." நேர்த்தியான வாதம் மாதிரித்தான் தெரியும். ஆனால் அப்படிப் பார்த்தால், முதலில் பூட்டுப் போட்டவனுக்கு நீதிமன்றம் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் நீதிமன்றங்கள் பொதுவாகத் தகராறுக்குக் காரணமான செயலுக்கு முன்பு இருந்த, கடைசியாக அமைதியாக இருந்த நிலைமையைத் தேடும். இங்கே அது ஜனவரி 2: கடை திறந்திருந்தது, கடைக்காரர் மல்லித்தூள் நிறுத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு எல்லையும் உண்டு. 1983-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் ஒரு வெண்ணெய் வியாபார வழக்கில் டிப்லாக் பிரபு இதை அழகாகப் பிரித்தார். வழக்குப் போடுவதற்குச் சற்று முன்பு இருந்த நிலைமைதான் அளவுகோல். ஆனால் வழக்குப் போட்டபின் இடைக்காலத் தடை கேட்கக் காரணமில்லாமல் தாமதித்தால், அந்த மனுவைப் போடுவதற்குச் சற்று முன்பு இருந்த நிலைமையே அளவுகோல். காமன்வெல்த் நீதிமன்றங்களில் அடிக்கடி காட்டப்படும் வழக்கு இது. நம் கடைக்காரரின் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஜனவரி 4-ஆம் தேதியே ஓடினால், 'நிலைமை' என்பது பூட்டுக்கு முந்தைய நாள். ஐந்து மாதம் "பேசித் தீர்த்துக்கலாம்" என்று இழுத்துவிட்டு ஜூனில் போனால், அதற்குள் கஃபேக்காரர் தளம் போட்டு, காப்பி மெஷின் இறக்கி, ஆள் வைத்து வியாபாரம் ஆரம்பித்திருப்பார். அப்போது 'இருக்கிற நிலைமை' கஃபே. அதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பது உரிமையாளராக இருப்பார்! தாமதத்தால் வழக்கு பலவீனமாவது மட்டுமில்லை. எதை உறையவைப்பது என்பதே மாறிவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம். "பூட்டைத் திற, சாவியைக் கொடு" என்பது ஒன்றைச் செய்யச் சொல்லும் உத்தரவு. செய்யாதே என்று சொல்வதைவிடச் செய் என்று சொல்ல நீதிமன்றம் அதிகம் தயங்கும். வழக்கத்தைவிட வலுவான, தெளிவான வழக்கு வேண்டும் என்று எதிர்பார்க்கும். நம் கடைக்காரருக்கு 7(2)-ஆவது பிரிவு கையில் இருப்பதால் அந்தத் தடையைத் தாண்டலாம். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா இல்லையா என்பது விசாரணையில்தான் தெரியும். ஆனால் நீதிமன்றம் போகாமல் பூட்டியது தப்பு என்பது இன்றே தெரிகிறது.

இடைக்கால நிலையில் யார் ஜெயிப்பார் என்று நீதிபதி முடிவு செய்வதில்லை. 1995-இல் வெளியான கீட் ஜெரால்ட் வழக்குத் தீர்ப்பில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் வகுத்த வழியைத்தான் மலேசிய நீதிமன்றங்கள் இன்றும் காட்டுகின்றன. முதலில், விசாரித்துத் தீர்க்க வேண்டிய ஒரு கனமான கேள்வி இருக்கிறதா? வாட்ஸ்அப் செய்தி 'எழுத்து மூலம்' ஆகுமா, அந்தக் கட்டை விரல் சம்மதமா என்பது தாராளமாக அப்படிப்பட்ட கேள்விதான். அது இருந்தால், நியாயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். தடை கொடுக்காமல் விட்டால் கடைக்காரருக்கு வரும் கெடுதல் பெரியதா, கொடுத்தால் உரிமையாளருக்கு வரும் கெடுதல் பெரியதா? பணத்தால் ஈடுகட்ட முடியுமா? கடைக்காரரோ தான் கொடுக்கும் வாக்குறுதியை நிறைவேற்றும் வசதி உள்ளவரா?

அந்த வாக்குறுதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இடைக்காலத் தடை வாங்குகிறவர், தான் கடைசியில் தோற்றால் இந்தத் தடையால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கட்டுவேன் என்று நீதிமன்றத்துக்கு வாக்குறுதி கொடுக்க வேண்டும். மனுவின் கடைசியில் ஒரு வரியாக இருப்பதால் பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கஃபேக்காரர் 6,000 தர இருந்தார், கடைக்காரர் 4,500 தருகிறார். மாதம் 1,500 வித்தியாசம். வழக்கு பத்து மாதம் ஓடினால் 15,000 ரிங்கிட். காத்திருந்து சலித்த கஃபேக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டால் அந்த நஷ்டமும் சேர்ந்து வரலாம். தடை இலவசம் இல்லை. தோற்றால் பில் வரும்.

உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது?

தடை கிடைத்துவிட்டது, இருதரப்பும் ஸ்டேட்டஸ் குவோவைக் காக்க வேண்டும் என்று ஒரே வரியில் உத்தரவு. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வாரத்தில் கரண்ட் இல்லை. தெனாகா கணக்கு உரிமையாளர் பெயரில் இருந்தது, அவர் மூடிவிட்டார். "நான் கடையைத் தொடவே இல்லையே, என் பெயரில் இருந்த கணக்கைத்தானே மூடினேன்" என்கிறார். கடைக்காரரோ இதுதான் சமயம் என்று பின்பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டார். யார் உத்தரவை மீறியது? அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லவே முடியாது. உத்தரவை மீறியவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அதற்கு, என்ன செய்யக்கூடாது என்பது உத்தரவில் சந்தேகமில்லாமல் எழுதியிருக்க வேண்டும். இரண்டு அர்த்தம் வரும் வரியை வைத்து அவமதிப்பு வழக்கில் ஜெயிப்பது கடினம்.

ஆகவே நல்ல வழக்கறிஞர் உத்தரவின் வரைவை எழுதும்போதே நிலைமையை வார்த்தையில் படம்பிடிப்பார். இன்ன விலாசத்துக் கீழ்த்தளம் முழுவதும் கடைக்காரர் வசம் இருக்கும். உரிமையாளரோ அவருடைய ஆட்களோ பூட்டை மாற்றக்கூடாது. மின்சாரம், தண்ணீரைத் துண்டிக்கக்கூடாது. வேறு யாருக்கும் வாடகைக்கு விடவோ அதற்கு ஒப்பந்தம் போடவோ கூடாது. கடைக்காரர் மாதம் 4,500-ஐ 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. வழக்கு முடியும்வரை அல்லது வேறு உத்தரவு வரும்வரை. படிக்க அலுப்பாக இருக்கும், ஆனால் இதில் சண்டை போட இடம் குறைவு. கூடவே, மீறினால் சிறை என்ற எச்சரிக்கைக் குறிப்பும் உத்தரவில் அச்சாகி, அது உரிமையாளரின் கையிலேயே நேரடியாகச் சேர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் அவமதிப்பு மனு தடுக்கி விழும்.

பாதி நேரம் இவ்வளவு தூரம் போகாமலே முடியும். நீதிபதியின் முகத்தைப் பார்த்து உரிமையாளரின் வழக்கறிஞரே எழுந்து, வழக்கு முடியும்வரை கடையைத் தொடமாட்டோம் என்று உறுதி கொடுப்பார். அதை நீதிமன்றம் பதிவு செய்துகொள்ளும். நீதிமன்றத்திடம் கொடுத்த உறுதியை மீறினாலும் அவமதிப்புத்தான். அதனால் இதை "வெறும் வாய்ப்பேச்சு" என்று நினைக்க வேண்டாம். நீதிபதியின் நோட்ஸில் அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தீர்ப்பு எதிராக வந்தால்

சரி, பத்து மாதம் கழித்துத் தீர்ப்பு. கட்டை விரல் படம் ஒரு மரியாதைக்குப் போட்டது, சம்மதம் இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். நீட்டிப்பு ஆகவில்லை. கடைக்காரர் 30 நாளில் இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். அதோடு உரிமையாளர் எதிர்வழக்கில் கேட்டிருந்ததால் ஜனவரி 1 முதல் இரட்டை வாடகை. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, காலம் முடிந்தும் காலி செய்யாத வாடகைக்காரரிடம் இரட்டை வாடகை கேட்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. மாதம் 9,000, அதில் பாதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பத்து மாதத்துக்கு மீதி 45,000 ரிங்கிட்.

தீர்ப்போடு இடைக்காலத் தடையின் ஆயுளும் முடிந்தது. 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் சொன்னதுபோல் அது எதையும் நிறுத்தாது. தனியாக ஸ்டே மனு போட வேண்டும். முதலில் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்திலேயே கேட்பதுதான் முறை. "உனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவரிடமே போய் அதை நிறுத்தச் சொல்வதா?" என்று ஆட்கள் திகைப்பார்கள். அவர் தன் தீர்ப்பு தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இதை இப்போதே நிறைவேற்றினால் மேல்முறையீடு வீணாகிவிடுமா என்பதை மட்டும் பார்ப்பார். அங்கே மறுத்தால் மேல் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

மலேசியாவில் ஸ்டே கேட்பவர் 'விசேஷ சூழ்நிலை' காட்ட வேண்டும். 1966-இல் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா, பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் ஆனவர், இது வழக்கமாக எல்லோருக்கும் வரும் கஷ்டத்தைத் தாண்டிய ஒன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். 2003-இல் கூட்டரசு நீதிமன்றமும் கோஸ்மா பாம் ஆயில் வழக்கில் இதே அளவுகோலை உறுதி செய்தது. தீர்ப்பு வாங்கியவருக்கு அதன் பலனை அனுபவிக்கும் உரிமை உண்டு. அதைத் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் வேண்டும் என்பதே அடிப்படை.

இந்த இடத்தில்தான் நம் ஆட்களின் சத்தியப் பிரமாணங்கள் தடம் மாறிப்போகும். பத்துப் பக்கத்துக்கு நீதிபதி எங்கே தப்பு செய்தார், வாட்ஸ்அப்பை ஏன் ஏற்றிருக்க வேண்டும் என்று எழுதுவார்கள். என் மேல்முறையீடு பலமானது என்பது மட்டும் ஸ்டேக்குப் போதாது. கேட்கும் கேள்வி வேறு: மேல்முறையீட்டில் நீங்கள் ஜெயித்தால், அந்த வெற்றியை வைத்து என்ன செய்ய முடியும்? உரிமையாளர் கஃபேக்காரரோடு புதிய ஒப்பந்தத்துக்குத் தயாராக இருக்கிறார், சுவரை இடித்து உள்ளமைப்பை மாற்றப் போகிறார், பிறகு ஜெயித்தாலும் திரும்பிப் போக அந்தக் கடை அங்கே இருக்காது. இதைக் காட்டும் ஆதாரம் இருந்தால் அதுதான் வலுவான காரணம். வியாபாரம் பாதிக்கும், வேலையாட்கள் இருக்கிறார்கள் என்பதை உரிமையாளர் தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்: பக்கத்துத் தெருவில் வேறு கடை எடுக்கலாம், நஷ்டம் பணத்தில் ஈடாகும் என்பார்கள்.

45,000 ரிங்கிட் விஷயம் வேறு மாதிரி. பணத் தீர்ப்புக்கு ஸ்டே கிடைப்பது கடினம், ஏனென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். உரிமையாளர் திவாலாகும் நிலையில் இருக்கிறார், கொடுத்தால் திரும்பி வராது என்று காட்டினால் மட்டுமே ஏதாவது நடக்கும். ஆகவே இப்படி ஒரு வழக்கில் வரக்கூடிய உத்தரவு பாதிப் பாதியாக இருக்கலாம். காலி செய்வதற்கு மட்டும் ஸ்டே. 45,000-ஐ 14 நாளுக்குள் இருதரப்புக்கும் பொதுவாக ஒரு வழக்கறிஞர் அலுவலகக் கணக்கில் கட்டி வைக்க வேண்டும். மாதா மாதம் வாடகை தொடர வேண்டும். மேல்முறையீட்டை இழுக்காமல் நடத்த வேண்டும். ஒரு நிபந்தனை தவறினால் ஸ்டே போய்விடும் என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். 15-ஆவது நாள் பணம் கட்டினால் ஸ்டே இல்லை. ஒரு நாள்தானே என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட ஆட்கள் அதிகம் அடிபடுவது மனுப் போட்ட நாளுக்கும் அது விசாரணைக்கு வரும் நாளுக்கும் இடையில். ஸ்டே மனு இ-ஃபைலிங்கில் ஏறிவிட்டது, விசாரணை மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரமும் தீர்ப்பு உயிரோடுதான் இருக்கிறது. உரிமையாளர் இடத்தை மீட்கும் நிறைவேற்ற ஆணையான ரிட் எடுக்க நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும், உள்ளே இருப்பவருக்கு அறிவிப்பு வர வேண்டும் என்பதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதையே பாதுகாப்பு என்று நம்பிவிடக்கூடாது. ஸ்டே மனு முடிவாகும்வரை இடைக்கால ஸ்டே வேண்டும் என்று அதே மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். பெய்லிஃப் வந்து, சரக்கை வெளியே வைத்து, சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முடிந்துபோன நிறைவேற்றத்தை ஸ்டே பின்னோக்கி ஓட்டாது.

நிறுத்த ஒன்றுமே இல்லாத தீர்ப்பு

ஆரம்பத்தில் தப்பான மனு என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான். நம் கதையைக் கொஞ்சம் மாற்றுங்கள். உரிமையாளர் எதிர்வழக்கே போடவில்லை. கடைக்காரர் மட்டும், என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட்டார். நீதிமன்றம் "வழக்கு தள்ளுபடி" என்றது. கடைக்காரர் மேல்முறையீடு செய்து ஸ்டே கேட்கிறார்.

எதை நிறுத்துவது? தள்ளுபடி யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. காலி செய் என்றோ பணம் கட்டு என்றோ உத்தரவு இல்லை. அந்தத் தள்ளுபடியை நிறுத்தி வைத்தாலும் கடைக்காரருக்கு வாடகை உரிமை முளைத்துவிடாது. இங்கே ஸ்டே மனு முதல் நாளே விழும். வேண்டியது மேல்முறையீடு முடியும்வரை உரிமையாளரைக் கட்டிவைக்கும் ஒரு புதுத் தடை. 1974-இல் வெளியான எரின்ஃபோர்ட் என்ற இங்கிலாந்து வழக்கின் பெயரில் இதை எரின்ஃபோர்ட் இன்ஜுங்சி என்பார்கள். எதிராக முடிவு சொன்ன அதே நீதிபதிகூட, மேல்முறையீடு வெற்றுச் சடங்காகிவிடக் கூடாது என்பதற்காக இதைக் கொடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கேட்பவர் இங்கேயும் நஷ்டம் கட்டும் வாக்குறுதி கொடுக்க வேண்டும், ஏனென்றால் இது மறுபடியும் ஆளைக் கட்டும் உத்தரவு.

மேல்முறையீட்டில் கடைசியாக ஒரு முடிவு வரும்போது இந்த இடைக்கால ஏற்பாடுகள் எல்லாம் கணக்குத் தீர்க்கப்படும். கடைக்காரர் ஜெயித்தால் பொதுக் கணக்கில் கட்டிய 45,000 வட்டி ஏதும் சேர்ந்திருந்தால் அதோடு திரும்பி வரும். இரண்டு வருட நீட்டிப்பில் எஞ்சிய காலத்துக்குக் கடை அவருடையது. தோற்றால் ஸ்டே அன்றே முடியும். பொதுக் கணக்குப் பணம் உரிமையாளருக்குப் போகும். ஆரம்பத்தில் கையெழுத்திட்ட அந்த வாக்குறுதியின்படி தடையால் வந்த நஷ்டத்தை மதிப்பிடச் சொல்லி உரிமையாளர் தனியாக ஒரு மனுவும் போடலாம். இரட்டை வாடகை ஏற்கெனவே கிடைத்திருந்தால், அதே மாதங்களுக்கு 1,500 வித்தியாசத்தையும் கேட்பது ஒரே நஷ்டத்துக்கு இரண்டு தடவை கேட்பதாகும் என்று கடைக்காரரின் வழக்கறிஞர் அங்கே வாதாடுவார். அதற்குக் கையில் ரசீது வேண்டும். மாதா மாதம் கட்டிய வாடகைக்கு வங்கிச் சீட்டை வைத்துக்கொள்ளாதவர்கள் அந்த மதிப்பீட்டு நாளில் திண்டாடிப் போவார்கள்.